சுற்றுச்சூழல் அறிவியல் தேர்வுக்குத் திருப்புதல் அட்டவணை அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூழலியல், காலநிலை, மாசுபாடு, வளங்கள் என்று நான்கு அலகுகள். கையில் நான்கு வாரங்கள். வாரத்துக்கு ஓர் அலகு என்று பிரித்துக்கொண்டால் போதாதா?

பார்ப்பதற்கு ஒழுங்காக இருந்தாலும், இந்தப் பாடத்துக்கு அந்தப் பிரிவினை பொருந்தாது. முதல் வாரத்தில் படித்த சூழலியலை அடுத்த மூன்று வாரங்கள் தொடாமல் விட்டால், தேர்வு நெருங்கும்போது பாதியை மீண்டும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். எந்தப் பாடத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு என்றாலும், சுற்றுச்சூழல் அறிவியலில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது.

இங்கே நான்கு அலகுகளும் ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைப்பவை. கார்பன் சுழற்சி தெரியாமல் காலநிலை மாற்றத்தை விளக்க முடியாது. உணவுச்சங்கிலி தெரியாமல் பூச்சிக்கொல்லி பறவையின் உடலில் சேர்வதை விளக்க முடியாது. வினாத்தாளில் அதிக மதிப்பெண் கொண்ட கேள்விகள் பெரும்பாலும் இரண்டு அலகுகள் சந்திக்கும் இடத்திலிருந்தே வருகின்றன. ஆகவே அட்டவணையும் அந்தச் சந்திப்புகளை வைத்தே அமைய வேண்டும்.

அப்படியானால் எதில் தொடங்குவது?

சூழலியலில் தொடங்க வேண்டும். ஆனால் பாடநூலின் முதல் பக்கத்திலிருந்து அல்ல. ஆற்றல் ஓட்டம், கார்பன் சுழற்சி, நைட்ரஜன் சுழற்சி, உணவு வலை ஆகிய நான்கையும் முதலில் முடித்துவிட வேண்டும், ஏனெனில் பிற மூன்று அலகுகளும் இவற்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. உலகின் காட்டு வகைகள், பாலைவனங்கள், புல்வெளிகள் பற்றிய வருணனைகள் பிறகு வரலாம். பலர் இந்த வருணனைப் பகுதியை முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அது எளிதாக இருப்பதுதான்; ஆனால் அதன் மேல் வேறு எதையும் கட்ட முடியாது.

அதற்குப் பிறகு காலநிலையையும் மாசுபாட்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்து வைக்கலாம். காற்று மாசுபாடும் பசுமை இல்ல வாயுக்களும் பெரும்பாலும் ஒரே புகைபோக்கியிலிருந்து வருபவை என்பதால், ஒன்றைப் படிக்கும்போது மற்றொன்று நினைவுக்கு வரும். வளங்கள் கடைசியில் வருவதே நல்லது. நீர், மண், காடு, ஆற்றல் பற்றிய கேள்விகளுக்கு முந்தைய மூன்று அலகுகளும் துணை நிற்கும்.

எந்த அலகுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது? மதிப்பெண்ணை வைத்தா, எனக்குக் கடினமாக இருப்பதை வைத்தா?

இரண்டையும் பெருக்கி வரும் எண்ணை வைத்து. ஓர் அலகுக்குரிய மதிப்பெண்ணில் இப்போது நீங்கள் இழக்கும் பங்கு எவ்வளவு என்பதே தேவையான அளவுகோல். ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்க்கலாம். நூறு மதிப்பெண் தாளில் சூழலியலுக்கு 30, காலநிலைக்கு 20, மாசுபாட்டுக்கு 30, வளங்களுக்கு 20 என்று கொள்வோம். முன்தேர்வில் ஒரு மாணவி முறையே 60, 40, 50, 70 விழுக்காடு பெறுகிறாள். அவள் இழந்தவை சூழலியலில் 12, காலநிலையில் 12, மாசுபாட்டில் 15, வளங்களில் 6, மொத்தம் 45.

அவளிடம் 30 நாட்கள் இருக்கின்றன. நாளுக்கு நாற்பது நிமிட அமர்வுகள் மூன்று. முதல் நாள் முன்தேர்வுக்கும் கடைசி ஏழு நாட்கள் முழு வினாத்தாள்களுக்கும் போய்விடும். இடையிலுள்ள 22 நாட்களில் 8, 15, 22 ஆகிய மூன்று நாட்களை வெற்றாக விட்டால், படிப்பதற்கு 19 நாட்கள் எஞ்சும். ஒவ்வொரு நாளும் ஓர் அமர்வு பழையதற்கு, இரண்டு அமர்வுகள் புதியதற்கு என்றால், புதிய பாடத்துக்கு 38 அமர்வுகள். இவற்றை 12, 12, 15, 6 என்ற விகிதத்தில் பகிர்ந்தால் சூழலியலுக்கு 10, காலநிலைக்கு 10, மாசுபாட்டுக்கு 13, வளங்களுக்கு 5 என்று வருகிறது. சூழலியலும் மாசுபாடும் ஒரே மதிப்பெண் கொண்டவை என்றாலும் இவளுக்கு மாசுபாட்டில் மூன்று அமர்வுகள் கூடுதலாகக் கிடைப்பதைக் கவனியுங்கள். மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பிரித்திருந்தால், ஓரளவு நன்றாகத் தெரிந்த வளங்களுக்கும் மிகவும் தடுமாறும் காலநிலைக்கும் ஒரே அளவு நேரம் போயிருக்கும்.

நாட்களாக விரித்தால், 2 முதல் 6ஆம் நாள் வரை சூழலியல். 7ஆம் நாளிலிருந்து 18ஆம் நாள் வரை தினமும் காலநிலைக்கு ஓர் அமர்வு, மாசுபாட்டுக்கு ஓர் அமர்வு. 19ஆம் நாளிலிருந்து 23ஆம் நாள் வரை மாசுபாட்டின் எஞ்சிய மூன்று அமர்வுகளும் வளங்களின் ஐந்து அமர்வுகளும். வெற்று நாட்கள் இடையிடையே இருந்த இடத்திலேயே இருக்கும்.

இன்னும் படிக்கவே தொடங்கவில்லை. அதற்குள் முன்தேர்வு எழுதி என்ன தெரிந்துகொள்வது?

வகுப்பில் கேட்டதில் எது தங்கியிருக்கிறது என்பது தெரியும். பழைய வினாத்தாளிலிருந்து ஓர் அலகுக்கு ஐந்தாறு கேள்விகளை எடுத்து, புத்தகத்தை மூடிவைத்து எழுதுங்கள். பலவுள் தெரிவு வினாக்களை மட்டும் எடுக்காதீர்கள். விடையைப் பார்த்தவுடன் அடையாளம் காண்பதும் வெறுந்தாளில் அதை எழுதுவதும் வேறு வேறு திறன்கள். முதலாவது மட்டும் இருந்தால் மதிப்பெண் உயர்வாகத் தெரியும், அதை நம்பி ஒதுக்கும் நேரம் தவறாகிவிடும்.

திருத்தும்போது கறாராக இருக்க வேண்டும். "பசுமை இல்ல வாயுக்கள் வெப்பத்தைத் தடுக்கின்றன" என்று எழுதியிருந்தால் அது அரை விடைதான். புவிப்பரப்பு வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களை அந்த வாயுக்கள் உறிஞ்சி, அதில் ஒரு பகுதியை மீண்டும் கீழ்நோக்கி உமிழ்கின்றன என்ற இயக்கம் இருந்தால்தான் முழு மதிப்பெண்.

ஒரு நாளின் மூன்று அமர்வுகளில் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

பழையதை முதலில் வைக்க வேண்டும். புதிய பாடம் எப்போதும் நேரத்தை விழுங்கும் இயல்புடையது. பழையதைக் கடைசிக்குத் தள்ளினால் மூன்றாவது நாளிலேயே அது விடுபட்டுவிடும். முதல் அமர்வில் வெறுந்தாளை எடுத்து, நினைவிலிருந்து நைட்ரஜன் சுழற்சியையோ உணவு வலையையோ வரைந்து, அம்புகளுக்குப் பெயரிட்டு, பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சிவப்பு மையில் திருத்துங்கள். படித்ததை மீண்டும் வாசிப்பதற்கு அட்டவணையில் இடமே வேண்டாம் என்பது என் கருத்து. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, மூன்றாவது அமர்வுகள் புதிய தலைப்புகளுக்கு. ஒவ்வொன்றின் கடைசிப் பத்து நிமிடங்களில் அந்தத் தலைப்பிலிருந்து ஒரே ஒரு தேர்வுக் கேள்விக்கு விடை எழுத வேண்டும்.

ஒரு தலைப்பை எத்தனை நாள் கழித்துத் திரும்பப் பார்ப்பது? எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தால் புதிதாகப் படிக்கவே நேரம் இருக்காதே.

முதல் திருப்புதல் இரண்டு நாட்களில், அடுத்தது நான்கைந்து நாட்களில், அதன் பிறகு ஒரு வாரம் அளவு இடைவெளியில் என்பது ஒரு மாத அட்டவணைக்குச் சரியாக வரும். நேரம் போதாது என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் முதல் பதிலில் சொன்ன கிளைப்பு இங்கேதான் உதவுகிறது: பின்னால் வரும் அலகுகளைக் கொண்டே முன்னால் படித்ததைத் திருப்பிவிடலாம்.

நைட்ரஜன் சுழற்சியை எடுத்துக்கொள்வோம். அந்த மாணவி அதை 4ஆம் நாள் படிக்கிறாள். 6ஆம் நாள் முதல் அமர்வில் வெறுந்தாளில் வரைகிறாள். 10ஆம் நாள் மாசுபாட்டு அமர்வில் யூட்ரோஃபிகேஷன் எனப்படும் மிகை உணவூட்டம் வருமாறு வைத்திருக்கிறாள். வயலில் இட்ட உரத்தின் நைட்ரேட் ஏரிக்குள் சேர்கிறது, பாசி பெருகுகிறது, அது மடிந்து மக்கும்போது பாக்டீரியாக்கள் கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன, மீன்கள் இறக்கின்றன. இதை எழுதும் முன் நைட்ரேட் எளிதில் நீரில் கரைந்து மண்ணிலிருந்து வெளியேறுவதைச் சுழற்சிப் படத்தில் குறிக்க வேண்டியிருப்பதால், சுழற்சி முழுவதும் தானாகத் திருப்பப்படுகிறது. 17ஆம் நாள் காலநிலை அமர்வில் நைட்ரஸ் ஆக்சைடு வருகிறது. உரமிட்ட மண்ணில் நுண்ணுயிர்கள் நைட்ரஜன் சேர்மங்களை மாற்றும்போது வெளிவரும் பசுமை இல்ல வாயு அது. 23ஆம் நாள் வளங்கள் அமர்வில் மண்வளமும், பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் நடக்கும் நைட்ரஜன் நிலைநிறுத்தமும். ஐந்து முறை சுழற்சியைத் தொட்டுவிட்டாள். அதற்கென்றே தனியாகச் செலவிட்டது முதல் இரண்டு முறை மட்டும்தான்.

உணவு வலையை, நச்சுப்பொருள் ஒவ்வோர் உணவு மட்டத்திலும் மேலும் செறிவதாகிய உயிரிய உருப்பெருக்கத்தோடும், கார்பன் சுழற்சியைக் கடல் அமிலமாதலோடும், ஆற்றல் ஓட்டத்தை இறைச்சிக்கும் தானியத்துக்கும் தேவைப்படும் நிலப்பரப்பின் ஒப்பீட்டோடும் இதேபோல் இணைக்கலாம். அட்டவணை எழுதும் நாளிலேயே இந்த இணைப்புகளைக் கட்டங்களில் குறித்துவிடுங்கள்.

ஆனால் எல்லாத் தலைப்புகளும் இப்படித் திரும்பி வராதே?

வராது. இந்த முறையின் பெரிய ஓட்டையே அதுதான். வெறும் பாறை காடாக மாறும் வழிமுறை வளர்ச்சி, இனத்தொகை வளர்ச்சியின் ஜே வடிவ, எஸ் வடிவ வளைவுகள், உயிரின வாழிட வகைகள் போன்றவை மற்ற அலகுகளில் அரிதாகவே எட்டிப்பார்க்கும். முதல் வாரத்தில் நன்றாகத் தெரிந்த இவை தேர்வறையில் கைவிடுவதற்குக் காரணம் கடினம் அல்ல; மூன்று வாரங்களாக அவற்றை யாரும் கேட்கவில்லை.

ஆகவே அட்டவணையை முடித்ததும், எந்தத் தலைப்புக்கு இணைப்பே இல்லை என்று ஒரு முறை தேடுங்கள். அவற்றுக்கு மட்டும் முதல் அமர்வில் நாள் குறித்து இடம் கொடுங்கள். வழிமுறை வளர்ச்சியை 5ஆம் நாள் படித்தால் 7, 12, 20ஆம் நாட்களில் அது வர வேண்டும். பொதுவாக ஏழெட்டுத் தலைப்புகளுக்கு மேல் இந்தப் பட்டியலில் சேராது.

ஓசோன் ஓட்டையையும் பசுமை இல்ல விளைவையும் எத்தனை முறை படித்தாலும் குழப்பிக்கொள்கிறேன். கூடுதல் நேரம் ஒதுக்கலாமா?

நேரத்தைக் கூட்டுவதைவிட நேரத்தின் அமைப்பை மாற்றுவது பயன் தரும். இந்தக் குழப்பத்துக்குப் பாடத்திலேயே காரணம் இருக்கிறது. குளோரோஃபுளூரோகார்பன்கள் அடுக்கு வளிமண்டலத்தில் ஓசோனை அழிக்கின்றன. அவையே பசுமை இல்ல வாயுக்களாகவும் செயல்படுகின்றன. ஓசோனோ மேலே இருக்கும்போது புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் கவசம். தரைக்கு அருகில் உருவாகும்போது நுரையீரலுக்குக் கேடான மாசுபடுத்தி. ஒரே பொருள் இரண்டு கதைகளில் வருவதால் கதைகள் கலந்துவிடுகின்றன.

முதலில் இரண்டையும் வெவ்வேறு நாட்களில் தனித்தனியாகப் படியுங்கள். இரண்டும் ஓரளவு நிலைத்த பிறகு, ஒரே அமர்வில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நினைவிலிருந்து எழுதுங்கள்: எந்தக் கதிர், எந்த அடுக்கு, எந்த வாயு, எந்த உடன்படிக்கை. ஒரு பக்கம் புற ஊதாக் கதிரும் 1987இன் மான்ட்ரியல் நெறிமுறையும் வரும். மறுபக்கம் அகச்சிவப்புக் கதிரும் 2015இன் பாரிஸ் உடன்படிக்கையும் வரும். புவி வெப்பமடைவதற்கு ஓசோன் ஓட்டை முதன்மைக் காரணமல்ல என்பதை இரண்டு வரிகளில் உங்களால் விளக்க முடிந்தால் குழப்பம் தீர்ந்தது என்று கொள்ளலாம். மிகை உணவூட்டம், உயிரிய உருப்பெருக்கம் என்ற ஜோடிக்கும் இதே சிகிச்சைதான்.

கணக்குகளுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கலாமா?

வேண்டாம். இந்தப் பாடத்தின் கணக்குகள் குறுகியவை. ஒரே நாளில் இருபது போட்டால் இருபத்தோராவது எளிதாகிவிடும், ஆனால் பத்து நாள் கழித்து எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்பது மறந்துபோகும். தினமும் முதல் அமர்வின் தொடக்கத்தில் ஒரே ஒரு கணக்கு, வகையை மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. குறியிட்டு மீண்டும் பிடிக்கும் முறையில் இனத்தொகையைக் கணிப்பது ஒரு நாள்: 40 உயிரிகளுக்குக் குறியிட்டு விடுவித்து, அடுத்த முறை பிடித்த 50இல் 10 குறியுடன் இருந்தால், 40 × 50 ÷ 10 = 200. மறுநாள் ஆற்றல் ஓட்டம்.

ஆற்றல் ஓட்டக் கணக்கில் ஒரு கண்ணி உண்டு. லிண்ட்மன் 1942இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த பத்து விழுக்காட்டு விதி, ஓர் உணவு மட்டத்திலிருந்து அடுத்ததற்குச் செல்லும் ஆற்றலைத் தோராயமாகச் சொல்வது. தாவரங்களில் 20,000 கிலோஜூல் இருந்தால் தாவர உண்ணிக்கு 2,000, அதை உண்ணும் விலங்குக்கு 200. ஆனால் கேள்வி சூரிய ஒளியிலிருந்து தொடங்கினால் முதல் படிக்குப் பத்து விழுக்காடு பொருந்தாது. தாவரங்கள் கைப்பற்றுவது ஏறத்தாழ ஒரு விழுக்காடு என்றே பாடநூல்கள் கொள்கின்றன.

விரிவான விடைகளுக்கு எத்தனை நிகழ்வுகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்?

நான்கைந்து போதும், அவை பல அலகுகளுக்குப் பயன்படுமானால். மத்திய ஆசியாவின் உப்பு ஏரியான ஏரல் கடல் இதற்கு மிகப் பொருத்தமானது. 1960களிலிருந்து அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீர் பருத்திப் பாசனத்துக்காகப் பெருமளவில் திருப்பப்பட்டதால் அந்தக் கடல் சுருங்கியது என்பது வளங்கள் அலகுக்கு உரியது. நீரின் உப்புத்தன்மை உயர்ந்து அங்கேயே வாழ்ந்த மீன் இனங்கள் அழிந்தது சூழலியல். வெளிப்பட்ட கடற்படுகையிலிருந்து உப்பும் வேளாண் வேதிப்பொருள்களும் கலந்த தூசி கிளம்பியது மாசுபாடு. நீர்ப்பரப்பு தந்த தணிப்பு குறைந்து கோடை மேலும் சூடாகவும் குளிர்காலம் மேலும் கடுமையாகவும் ஆனது காலநிலை; ஆனால் அது அந்த வட்டாரத்துக்குரிய மாற்றம், உலக வெப்பமயமாதலுக்குச் சான்றாக அதை எழுதினால் மதிப்பெண் போகும்.

அட்டவணையில் இதற்குத் தனி அமர்வு தேவையில்லை. ஒவ்வோர் அலகின் கடைசி அமர்விலும் அதே நிகழ்வை அந்த அலகின் கண்ணோட்டத்தில் ஒரு பத்தியாக எழுதினால், இறுதியில் நான்கு பத்திகள் கையில் இருக்கும்.

நடுவில் இரண்டு நாட்கள் விட்டுப்போனால் முழு அட்டவணையையும் மாற்றி எழுதவா?

அதற்காகத்தான் 8, 15, 22ஆம் நாட்கள் வெற்றாக இருக்கின்றன. விடுபட்டதை அடுத்த நாளில் திணிக்காமல் அடுத்த வெற்று நாளுக்கு நகர்த்துங்கள். எதையும் விடவில்லை என்றால் வெற்று நாளை ஓய்வாகவே விட்டுவிடலாம்.

விட்டுப்போனதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் அமர்வில் ஒரு தலைப்பின் பாதியைக்கூட நினைவிலிருந்து எழுத முடியவில்லை என்றால், அதன் இடைவெளியை மீண்டும் இரண்டு நாட்களாகச் சுருக்க வேண்டும். பல தலைப்புகளுக்கு இப்படி ஆகிறதென்றால், புதிய அமர்வுகளில் எழுதிப் பார்க்காமல் வாசித்துக்கொண்டே போகிறீர்கள் என்று பொருள்.

கடைசி ஏழு நாட்களில் என்ன செய்வது?

24, 26, 28ஆம் நாட்களில் முழு வினாத்தாள். 25, 27, 29ஆம் நாட்களில் அவற்றின் பிழைகள். தேர்வு மூன்று மணி நேரம் என்றால், அந்த மூன்று நாட்களில் மட்டும் கூடுதலாக ஒரு மணி நேரம் தேவைப்படும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள். 30ஆம் நாள் பிழைக்குறிப்பேட்டை மட்டும் பார்த்தால் போதும்.

பிழைகளை அலகுவாரியாகப் பிரிக்காமல் காரணவாரியாகப் பிரியுங்கள். தெரியாததால் விட்டதற்குப் பாடத்துக்குத் திரும்ப வேண்டும். குழப்பத்தால் தவறியதற்கு ஓசோன் பற்றிய பதிலில் சொன்ன பக்கத்துப் பக்க ஒப்பீடு வேண்டும். கேள்வியைச் சரியாக வாசிக்காததால் இழந்தது மூன்றாவது வகை: "விளக்குக" என்றால் காரண காரியத் தொடர் வேண்டும், "மதிப்பிடுக" என்றால் இரு பக்க வாதமும் ஒரு முடிவும் வேண்டும். அணு மின்சாரம் பற்றி மதிப்பிடச் சொன்னால், அணு உலை இயங்கும் விதத்தை ஒரு பக்கம் எழுதுவதால் பயனில்லை.

முப்பது நாட்கள் எங்கே இருக்கின்றன, பத்து நாட்கள்தான் மிச்சம். எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடலாமா?

அப்படிச் செய்தால் எல்லாத் தலைப்பும் அரைகுறையாகிவிடும். முன்தேர்வுக்கு ஒரு நாளும் வினாத்தாள்களுக்குக் கடைசி இரண்டு நாட்களும் கட்டாயம். இடையில் ஏழு நாட்களும் 14 புதிய அமர்வுகளும் கிடைக்கும். வெற்று நாள் கிடையாது. அதே மாணவியின் எண்களை வைத்தால் சூழலியலுக்கு 4, காலநிலைக்கு 3, மாசுபாட்டுக்கு 5, வளங்களுக்கு 2 என்று பிரிப்பேன். விகிதப்படி காலநிலைக்கும் ஏறத்தாழ நான்கு வர வேண்டும். ஆனால் கார்பன் சுழற்சியை முன்னதாகவே சூழலியலில் படித்துவிடுவதால், அங்கே ஓர் அமர்வைக் குறைப்பதில் இழப்பு குறைவு.

சூழலியலின் நான்கு அமர்வுகள், இரண்டாவது பதிலில் சொன்ன அந்த நான்கு தலைப்புகளுக்கே. இணைப்பில்லாத தலைப்புகளில் பழைய வினாத்தாள்களில் அடிக்கடி வந்த இரண்டை மட்டும் முதல் அமர்வில் சேர்த்துக்கொண்டு, மற்றவற்றைத் தெரிந்தே விட்டுவிடலாம். திருப்புதல் இடைவெளிகள் ஒரு நாள், மூன்று நாள் என்று சுருங்கும். நிகழ்வுகளில் ஏரல் கடல் ஒன்றே போதும்.